46 ஃபைல் கொடுத்தும் போன் நிற்கவில்லை

*தண்டையார்பேட்டையில் மசாலாப் பொடிக் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கு லோகோ, கடை போர்டு, 100 கிராம் சாம்பார் பொடி லேபிள் மூன்றும் செய்து கொடுத்தேன். வேலை முடிந்ததும் 46 ஃபைலையும் டிரைவ் லிங்க்கில் அனுப்பிவிட்டேன். ஆறு மாதமாகியும் போன் நிற்கவில்லை. ராயபுரத்து அச்சகத்தில் கோரல் ஃபைல் திறக்கவில்லையாம். இன்னொரு இடத்தில் திறந்ததாம், ஆனால் தமிழ் எழுத்தெல்லாம் `jkpo;` மாதிரி வந்ததாம். வாட்ஸ்அப்பில் லோகோ மங்கலாம். விலை 60லிருந்து 65 ஆனதற்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார். கடைசி ஃபைலோடு ஒரு குறிப்பும் எழுதிக் கொடு என்று பலரும் சொல்கிறார்கள். அதில் என்ன எழுதுவது? நான் இல்லாமலே அக்கா சமாளிக்க வேண்டும்.*
*— காலடிப்பேட்டை வாசகர்*

46 என்ற எண்ணிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அந்த ஃபைல்கள் உங்கள் வேலை நடந்த வரிசையில் கிடக்கின்றன. அக்காவுக்கோ இனிமேல் வரப்போகும் வேலைகள் நான்குதான்: லேபிள் தீர்ந்தால் மறுபடி அடிக்க வேண்டும், விலையோ போன் நம்பரோ மாறும், போர்டு கிழிந்தால் புதுசு போட வேண்டும், போனில் யாருக்காவது லோகோ அனுப்ப வேண்டும். இந்த நான்கு வேலைக்கு நான்கு ஃபோல்டர் போதும். வேண்டாம் என்று விட்ட மாதிரிகள், `final2`, `final_new` எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கட்டும். அவற்றைக் கொடுத்தால் ஒருநாள் நிராகரித்த லேபிளே அச்சாகி வந்து நிற்கும்.

```
1_LABEL   sambar_100g_PRESS_2025-06.pdf
          sambar_100g_PRESS_2025-06.cdr
2_MAATRA  sambar_100g_EDIT_2025-06.cdr
3_BOARD   board_10x3ft_2025-06.pdf
4_PHONE   logo_phone.jpg
```

பெயரை ஆங்கில எழுத்தில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், பழைய கணினிகளில் தமிழ்ப் பெயர் கொண்ட ஃபைல்கள் சில நேரம் கேள்விக்குறிகளாகத் தெரியும், திறக்க மறுக்கும். நடுவே இடைவெளி விடாமல் எழுதுங்கள். `final` என்ற சொல்லுக்குப் பதில் ஆண்டும் மாதமும் போடுங்கள். இரண்டு ஃபைல் எதிரெதிரே வந்தால் எது புதுசு என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

இனி அச்சகத்துக்குப் போகும் ஃபைல். கோரல் டிராவில் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. ராயபுரம், மண்ணடி பக்கம் பல ஆண்டு பழைய கோரலை வைத்துக்கொண்டே நன்றாகத் தொழில் செய்யும் அச்சகங்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, `Save As` பெட்டியில் `Version` என்ற இடத்தில் அந்த எண்ணைத் தேர்ந்து சேமியுங்கள். பதிப்பை இறக்கும்போது நிழல், ஒளி ஊடுருவும் பகுதி போன்றவை சிதையக்கூடும். ஆகவே சேமித்ததை மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். சிதைந்திருந்தால் அந்தப் பகுதியை மட்டும் 300 டி.பி.ஐ. படமாக மாற்றிவிடுங்கள்.

தமிழ் `jkpo;` ஆனதற்குக் காரணம் வேறு. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தால், கணினிக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். அதன்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி, 'தமிழ்' என்று நீங்கள் அடித்தது அப்படியே `jkpo;` என்று வெளியே தெரிகிறது. யூனிகோட் எழுத்துருவுக்கு மாறினால் இது நடக்காது. ஆனால் பழைய கோரலில் யூனிகோட் தமிழ் சரியாக உட்காராது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அச்சகத்துக்குப் போகும் ஃபைலில் இரண்டு தொல்லைக்கும் ஒரே மருந்துதான்: எல்லா எழுத்தையும் தேர்ந்து `Ctrl+Q` அழுத்தி கர்வ் ஆக்கிவிடுவது. அதன்பின் அது எழுத்தே இல்லை, படம். எந்தக் கணினியில் திறந்தாலும் அதே உருவம்தான்.

பி.டி.எஃப். எடுக்கும்போதும் இதைச் செய்யலாம். `Publish to PDF` அமைப்பில் `PDF/X-1a` தேர்ந்து, `Objects` பக்கத்தில் `Export all text as curves` என்பதில் டிக் போடுங்கள். வண்ணங்கள் சி.எம்.ஒய்.கே.யில்தான் இருக்க வேண்டும். வெட்டும் அளவுக்கு வெளியே நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் விடுங்கள். லேபிள் 80 × 110 மி.மீ. என்றால் ஃபைல் 86 × 116 மி.மீ. இருக்கும். இதைக் குறிப்பில் எழுதாமல் விட்டால், அச்சகத்தில் புதிதாக வந்த பையன் 86 மில்லிமீட்டரையே வெட்டும் அளவு என்று எடுத்துக்கொள்வான். பையில் ஒட்டும்போது லேபிள் மடிப்பில் ஏறும். சின்ன எழுத்துகளின் கறுப்பு `K100` மட்டும் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பு அரை மில்லிமீட்டர் விலகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ண விளிம்பு தெரியும். சேர்க்கைப் பொருள் பட்டியலைப் படிக்க முடியாது.

கர்வ் ஆக்கியதில் போன் நம்பரை மாற்ற முடியாது. அதற்குத்தான் `2_MAATRA`, அச்சகத்தார் ஓப்பன் ஃபைல் என்று கேட்பது. இங்கேதான் பலர் எல்லா எழுத்தையும் உயிரோடு விட்டு, எழுத்துருவையும் கூடவே கொடுத்து, மறுபடி அதே குழியில் விழுகிறார்கள். லேபிளில் உண்மையில் மாறக்கூடியவை எவை என்று பாருங்கள். எடை, போன் நம்பர், உரிம எண், முகவரி. இவற்றில் பெரும்பாலானவை எண்கள், மிச்சம் ஆங்கிலம். ஆகவே ஓப்பன் ஃபைலிலும் 'சாம்பார் பொடி' என்ற தமிழையும் லோகோவையும் கர்வ் ஆக்கிவிடுங்கள். மாறும் வரிகளை மட்டும் ஏரியலில் எழுத்தாக விடுங்கள். ஏரியல் எல்லா விண்டோஸ் கணினியிலும் இருக்கும். ஒரு சின்ன எச்சரிக்கை: ₹ குறி 2010இல்தான் வந்தது, அதற்கு முந்தைய ஏரியலில் அது இல்லாமல் வெறும் கட்டமாக விழும். `Rs.` என்றே போடுங்கள்.

முகவரி தமிழிலும் இருந்தால் அதைக் கர்வ் ஆக்குவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. கடை இடம் மாறினால் அந்த வரியைப் புதிதாக அடிக்க ஒருவரைக் கூப்பிடத்தான் வேண்டும். குறிப்பில் இதை ஒளிக்காமல் எழுதிவிடுங்கள். புதிய பொடிக்கு லேபிள் போடும்போதும் தேவைப்படும் என்பதால், தமிழுக்குப் பயன்படுத்திய எழுத்துருவின் பெயரையும் எழுதுங்கள். காசு கொடுத்து வாங்கிய எழுத்துரு என்றால், உரிமம் அனுமதிக்காமல் அதை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. `Catamaran`, முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவை திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அடுத்த வேலையில் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் இந்தக் கவலையே எழாது.

லேபிளில் மாறக்கூடியவை என்று மேலே சொன்ன பட்டியலில் விலையைச் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? விலைக்காக லேபிள் ஃபைலையே திறக்கக் கூடாது என்பது என் கருத்து. பொட்டலப் பொருள் விதிகளின்படி அதிகபட்ச விற்பனை விலை, தயாரித்த மாதம், ஆண்டு, நிகர எடை, முகவரி, புகாருக்கான தொடர்பு எல்லாம் பொட்டலத்தில் இருக்க வேண்டும். கிராமுக்கு விலையும் போட வேண்டும். 100 கிராம் 60 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.60, 65 ஆனால் அதுவும் 0.65 ஆகும். இரண்டில் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. பழைய விலைமேல் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டுவதற்கும் அனுமதி கிடையாது. விலையைக் குறைக்கும்போது மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. அதனால் 60 ரூபாய் என்று அச்சடித்த 2,000 லேபிள் கையில் இருக்கும்போது விலை ஏறினால், அத்தனையும் வீண்.

லேபிளில் 40 × 18 மி.மீ. வெள்ளைக் கட்டம் ஒன்று விடுங்கள். விலை, கிராமுக்கு விலை, பேட்ச் எண், தயாரித்த மாதம் ஆகியவற்றைப் பொட்டலம் கட்டும் நாளில் கடையிலேயே முத்திரையாகவோ கைக்கு அடக்கமான டேட் பிரிண்டரிலோ அடித்துக்கொள்ளலாம். எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதியும் அதே கட்டத்தில் வரும். அந்தக் கட்டத்தின்மேல் வார்னிஷும் லேமினேஷனும் வரக்கூடாது என்று அச்சகத்துக்குச் சொல்ல வேண்டும். பளபளப்பின்மேல் முத்திரை மை காயாமல் விரலில் ஒட்டும். லேமினேஷன் கட்டாயம் வேண்டும் என்றால் பிளாஸ்டிக்கில் பிடிக்கும் மை தனியாகக் கிடைக்கிறது. ஒரு லேபிளில் அடித்து, பத்து நிமிடம் கழித்துத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வந்த போன்களில் விலைக்கான போன் இந்த ஒரு கட்டத்தால் நின்றுவிடும்.

போர்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ளெக்ஸுக்கு அளவை அடிக் கணக்கில் ஃபைல் பெயரிலேயே போடுங்கள். சட்டத்தில் மடித்து அடிக்க எவ்வளவு வேண்டும் என்று போர்டுக்காரரிடம் கேட்டு அந்த ஓரத்தில் போன் நம்பரை வைக்காமல் விடுங்கள். போனுக்கான லோகோ 1080 × 1080 அளவில், வெள்ளைப் பின்னணியில், சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு இருக்கட்டும். வாட்ஸ்அப் முகப்புப் படம் வட்டமாகத்தான் தெரியும். பின்னணி இல்லாத பி.என்.ஜி.யைக் கொடுத்தால் போட்டோவாக அனுப்பும்போது பின்னணி கறுப்பாக விழக்கூடும். மங்கலுக்குக் காரணம் போட்டோவாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவது. இணைப்புக் குறியைத் தொட்டு `Document` வழியாக அனுப்பினால் அப்படியே போகும். அச்சகத்துக்குப் போவது எதுவானாலும் அந்த வழிதான்.

டிரைவ் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கணக்கிலிருந்து லிங்க் கொடுத்தால் ஃபைல் உங்களுடையதுதான். இடம் போதவில்லை என்று நீங்கள் ஒருநாள் அழித்தால் அக்காவிடமும் போய்விடும். பலரும் நினைப்பதுபோல், அவர் கணக்கில் ஃபோல்டர் திறந்து அதில் நீங்கள் உங்கள் கணக்கிலிருந்து ஏற்றினாலும் தீராது: சாதாரண ஜிமெயிலில் ஏற்றியவர்தான் ஃபைலுக்கு உரிமையாளர். ஃபோல்டரின் உரிமையை மாற்றிக் கொடுத்தாலும் உள்ளே இருப்பவை கூடவே மாறுவதில்லை. எளிய வழி, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது. அக்காவின் ஜிமெயிலில் அவரே உள்ளே நுழைந்த கணினியிலிருந்தோ அவருடைய போனிலிருந்தோ ஏற்றுங்கள். கடவுச்சொல்லை நீங்கள் கேட்கவும் வேண்டாம், எழுதி வைக்கவும் வேண்டாம். வேறு கணினி என்றால் கடைசியில் வெளியேறிவிட்டதை அவர் கண்ணால் பார்க்கட்டும். பென் டிரைவையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். இரண்டு ஆண்டு தொடாத கூகுள் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பதால், அவர் தினமும் போனில் பயன்படுத்தும் ஜிமெயிலாகவே அது இருக்கட்டும். இதற்கென்று புதிதாக ஒன்றைத் திறக்காதீர்கள்.

இப்போது குறிப்பு. ஒரே பக்கம், ஏ4, தமிழில், 14 புள்ளி எழுத்து. உங்கள் தொழில் வார்த்தைகளில் அக்கா அச்சகத்தில் சொல்ல வேண்டியவை மட்டும் இருக்கட்டும். கடைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள ஒரு மாதிரி:

> லேபிள் மறுபடி அடிக்க: போனில் டிரைவ் திறந்து `1_LABEL` போங்க. பி.டி.எஃப்.ஐ வாட்ஸ்அப்பில் `Document` ஆக அனுப்புங்க. போட்டோவா அனுப்பாதீங்க. அச்சகத்தில் சொல்ல வேண்டியது: "வெட்டுற அளவு 80க்கு 110 மில்லி. சுத்தி 3 மில்லி ப்ளீட் இருக்கு. வெள்ளைக் கட்டத்துல வார்னிஷ், லேமினேஷன் வேணாம்." கோரல் கேட்டால் அதே ஃபோல்டரில் `PRESS` என்று இருக்கும் `.cdr`.
>
> நிறம்: சிவப்பு `C15 M95 Y90 K10`. இதோடு ஒட்டியிருக்கும் லேபிளைக் காட்டி "இந்த நிறம் வரணும்" என்று சொல்லுங்க. போன் திரையில் தெரியும் நிறத்தை வைத்து ஒப்பிடாதீங்க.
>
> அடிப்பதற்கு முன்: ஒரு லேபிள் மட்டும் அடித்துக் காட்டச் சொல்லுங்க. போன் நம்பர், 14 இலக்க உரிம எண், எடை மூன்றையும் சத்தமாகப் படித்துப் பாருங்க. பிறகு சரி என்று சொல்லுங்க.
>
> விலை மாறினால்: ஃபைல் வேண்டாம். கட்டத்தில் முத்திரை போடுங்க. 100 கிராமுக்கு 65 என்றால் கிராமுக்கு 0.65. கூடின விலையைப் பழைய விலைமேல் ஸ்டிக்கரா ஒட்டக் கூடாது.
>
> போன் நம்பர், எடை மாறினால்: `2_MAATRA` ஃபைலை அச்சகத்துக்கு அனுப்புங்க. அங்கேயே மாற்றலாம். மாற்றிய ஃபைலைத் திருப்பி வாங்கி, புது மாதத்தின் பெயரோடு அதே ஃபோல்டரில் போடுங்க.
>
> கடை முகவரி, புதுப் பொடி, புது அளவுப் பை: இதற்கு டிசைனர் வேண்டும். யாரானாலும் செய்யலாம். தமிழ் எழுத்துரு: `Catamaran`.
>
> போர்டு: `3_BOARD`. 10 அடி × 3 அடி.
> லோகோ: `4_PHONE`.

அச்சாகி வந்த லேபிள் ஒன்றை அந்தத் தாளிலேயே ஒட்டுங்கள். ஒட்டிய லேபிள் வெயிலில் வெளுக்கும். இன்னொன்றை உறையில் போட்டு அலமாரிக்குள் வையுங்கள், ஒப்பிட அதைத்தான் எடுக்க வேண்டும். தாளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்று கல்லாப்பெட்டியின் மூடிக்குள், ஒன்று வீட்டில்.

'மாற்றிய ஃபைலைத் திருப்பி வாங்கி' என்ற வரியை வெட்டிவிடாதீர்கள். அச்சகத்தில் நம்பரை மாற்றி அடித்துக் கொடுத்துவிடுவார்கள், மாற்றியது அவர்கள் கணினியிலேயே நின்றுவிடும். அடுத்த முறை வேறு அச்சகத்துக்குப் போனால் அக்கா பழைய ஃபைலை அனுப்புவார், பழைய நம்பரோடு இரண்டாயிரம் லேபிள் வரும்.

உரிமையையும் ஒரு தாளில் தீர்த்துவிடுங்கள், இது தனியாக. ஃபைல் கைமாறியதாலேயே லோகோவின் காப்புரிமை கைமாறாது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எழுதும்போது காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். 'முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்' என்ற சொற்களை விடாமல் எழுதுங்கள். பணம் முழுவதும் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கொடுத்தது வேலை செய்கிறதா என்று பார்க்க கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கடையில் உட்கார்ந்து, "அக்கா, நாளைக்கு இன்னும் 500 லேபிள் வேணும்னு வச்சுக்கங்க, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் தாளைப் பார்த்துப் போனைத் தொடட்டும். எங்கே நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரிதான் தப்பு. வாயால் விளக்காமல் தாளில் திருத்துங்கள், மறுநாள் நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை. கடையை மாலையில் மகன் பார்த்துக்கொள்கிறான் என்றால் அவனையும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள்.

அச்சகத்தைச் சோதிக்கும்போது "ஃபைல் ஓகேவா?" என்று கேட்காதீர்கள். திறக்காமலே ஓகே வரும். "திறந்து, திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க அண்ணே" என்று கேளுங்கள். அதில் தமிழ் சரியாக இருக்கிறதா, அளவு 86 × 116 காட்டுகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். ராயபுரத்தாரோடு இன்னொரு அச்சகத்திலும் இதைச் செய்யுங்கள், ஒருவர் கடை மூடியிருந்தால் அக்கா போகப்போவது அங்கேதான்.

அக்காவுக்கு இப்போது ஒன்றும் பெரிதாகப் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. லேபிளில் கட்டம் சேர்ப்பதும் ஃபைல்களைப் பிரிப்பதும் உங்களுக்கு ஒருநாள் வேலை. முதலில் கொடுக்கும்போதே செய்திருக்க வேண்டியது என்பதால் அதற்குக் காசு கேட்காதீர்கள். மிளகாய்ப் பொடிக்குப் புது லேபிள் வந்தால் அது புது வேலை, அதற்குக் கேளுங்கள். பழைய டிரைவ் லிங்க்கை இன்றே நிறுத்திவிடாதீர்கள். அக்காவின் போனில் நான்கு ஃபோல்டரும் திறப்பதைப் பார்த்த பிறகு ஒரு மாதம் விட்டு, எந்த அச்சகமாவது இன்னும் அந்தப் பழைய லிங்க்கை வைத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு மூடுங்கள்.